அக்கா மகளைத் தத்தெடுப்பதா, கார்டியனாக இருப்பதா?

போன ஆடி மாதம் ஒரு சித்தி என் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ஏழு வயதுப் பெண் குழந்தை. நான் பேசிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தை காகிதத் தட்டில் இருந்த தட்டுவடை செட்டில் மேல் வடையை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு, பீட்ரூட் துருவலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதன் அப்பாவும் அம்மாவும் ஒரே பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து குழந்தை அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டில்தான் வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் 'பெற்றோர் கையெழுத்து' கேட்கிறார்கள், விபத்து இழப்பீட்டுப் பணத்துக்கு வங்கியில் 'கார்டியன் யார்' என்று கேட்கிறார்கள். "தத்து எடுத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு சொல்றாங்க மேடம். எடுத்துக்கவா?" என்றார்.

சேலத்தில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒவ்வொரு முறையும் நான் முதலில் சொல்வது, அவசரப்பட்டுத் தத்துப் பத்திரம் எழுதாதீர்கள் என்பதுதான். தத்து கெட்டது என்பதால் அல்ல. தப்பான நேரத்தில் செய்த தத்து, அந்தக் குழந்தைக்கு வரவேண்டிய ஒரு ஏக்கர் நிலத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும் என்பதால்.

தெரியாத குழந்தையை எடுத்து வளர்க்க நினைப்பவர்களின் வழி வேறு. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியும் நிறைய வரும். அவர்கள் CARINGS என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் பதிந்து காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவர் மூலமோ குழந்தையை 'வாங்கிக்கொள்வது' குற்றம். நான் இங்கே எழுதுவது சொந்தக்காரக் குழந்தையை வளர்ப்பவர்களுக்காக.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைக் கேட்பேன். இந்த உறவு எவ்வளவு காலம் நிற்கும்? குழந்தையின் சொத்து இரண்டு பக்கமும் என்ன ஆகும்? வளர்க்கும் பெரியவருக்குச் சட்டத்தில் என்ன கிடைக்கும்? பின்னால் மனம் மாறினால் திரும்ப முடியுமா? நீதிமன்றத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும்?

பாசம் இந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சித்திக்கு அதில் குறையே இல்லை. நம் முறைப்படி சித்தி என்றாலே சின்ன அம்மாதான், அவருடைய பையன் இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே அண்ணன்தான். சட்டத்துக்கு மட்டும்தான் அது இன்னும் தெரியாது.

## தத்தெடுத்தால்

இந்து குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பொருந்தும். தத்து நடந்த நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்தவர்களின் குழந்தை. பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு அன்றைக்கே அறுந்துவிடும்.

காலம். ஆயுள் முழுக்க. 18 வயது ஆனாலும், கல்யாணம் ஆனாலும் மகள் மகள்தான். தத்தெடுத்தவர்களில் ஒருவர் இறந்தாலும் மற்றவர் தாயாகவோ தகப்பனாகவோ தொடர்வார், யாரும் புதிதாக மனுப் போட வேண்டியதில்லை.

சொத்து. இதை மெதுவாகப் படியுங்கள். தத்துக்கு முன்பே குழந்தைக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து குழந்தையிடமே இருக்கும், சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைக் காக்கிறது. ஆகவே அப்பா பெயரில் இருந்த வீட்டுமனையும், அம்மாவின் நகையும், விபத்து இழப்பீடும் எங்கேயும் போகாது. போவது இன்னும் வந்து சேராத சொத்து.

இந்தக் குழந்தையின் அப்பாவழித் தாத்தா வாழப்பாடிப் பக்கம் இருக்கிறார். அவரே கிரயம் வாங்கிய மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பாட்டி இல்லை. ஒரு மகன் (குழந்தைக்குப் பெரியப்பா), ஒரு மகள் (அத்தை), இறந்துபோன இளைய மகன். தாத்தா உயில் எழுதாமல் காலமானால் நிலம் மூன்று பங்காகும். பெரியப்பாவுக்கு ஒரு ஏக்கர், அத்தைக்கு ஒரு ஏக்கர், இறந்த மகனின் பிள்ளை என்ற முறையில் இந்தக் குழந்தைக்கு ஒரு ஏக்கர். தாத்தா உயிரோடு இருக்கும்போதே குழந்தை தத்துப் போய்விட்டால், அவர் இறக்கும் நாளில் அது அந்த வீட்டுப் பேத்தி இல்லை. நிலம் இரண்டு பங்காகிவிடும்.

அம்மா பக்கமும் இதே கதைதான். அம்மாவழித் தாத்தா சொத்தில் இறந்த மகளின் பங்கு அவள் பிள்ளைக்கு வரவேண்டியது. சித்தி தத்தெடுத்தால் அந்தப் பங்கும் போய், சித்தியின் பங்கு வழியாக எதிர்காலத்தில் வந்தால்தான் உண்டு. நிலம் பூர்வீகமாக இருந்தால் கணக்கு வேறு. அப்பாவுக்கு அதில் இருந்த பங்கு அவர் இறந்த அன்றே வாரிசுகளுக்கு இறங்கியிருக்கும், தத்து அதைத் தொடாது. அதனால் பட்டாவைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று மூலப்பத்திரத்தையும் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

வரவுப் பக்கத்தில், குழந்தை சித்திக்கும் சித்தப்பாவுக்கும் முதல் நிலை வாரிசு, அவர்களுடைய பையனோடு சமமாக. ஆனால் அவர்கள் உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுத்தால் தத்துப்பிள்ளை என்பதற்காக அதைத் தடுக்க முடியாது. அந்தப் பையனுக்கு இப்போது 11 வயது. அவன் பங்கு பாதியாகிறது என்பதையும் வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இப்போதே பேசிவிட்டால் அது ஒரு பேச்சு. இருபது வருடம் கழித்துக் கிளம்பினால் பாகப்பிரிவினை வழக்கு.

பெரியவருக்கு. முழுத் தாய் தகப்பன் நிலை. பள்ளி, ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் எங்கேயும் தாய், தகப்பனாகவே கையெழுத்துப் போடலாம். வயதான காலத்தில் வளர்ந்த மகளிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பெற்றோர்' என்ற சொல் தத்தெடுத்த பெற்றோரையும் சேர்த்தே சொல்கிறது. பிள்ளை சொத்தில் வாரிசுரிமையும் உண்டு.

கிடைக்காதது, குழந்தையின் சொத்தின் மேல் தன்னிச்சையான அதிகாரம். பலர் தத்து எடுத்தால் இழப்பீட்டுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பணம் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி குழந்தை பெயரில் வைப்புத்தொகையாக 18 வயது வரை இருக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ எடுக்க வேண்டுமானால் பெற்ற தாயே ஆனாலும் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். மைனரின் நிலத்தை விற்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

திரும்பும் வழி. இல்லை. முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. எடுத்தவரும் முடியாது, குழந்தையும் பெரியவளான பின் 'எனக்கு என் பழைய குடும்பம் போதும்' என்று சொல்ல முடியாது.

அலைச்சல். அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்து, சம்மதித்து, குழந்தையைக் கையில் கொடுத்து வாங்கி, பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் அது போதும். அனாதைக் குழந்தைக்கு அது போதாது. பெற்றோர் இருவரும் இறந்திருந்தால், குழந்தையைப் பராமரிக்கும் கார்டியன் நீதிமன்றத்தின் முன் அனுமதி வாங்கித்தான் தத்துக் கொடுக்க முடியும், 9ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கார்டியன் தனக்கே கூடத் தத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அனுமதி முதலில். பாட்டி கொடுப்பதாக எழுதி, இரண்டு சாட்சி போட்டு, பதிவும் செய்த பத்திரங்கள் என் மேசைக்கு வருகின்றன. முத்திரை அழகாக இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு எண் எங்கேயும் இல்லை. அந்தப் பத்திரத்தை நம்பி வளர்ந்த பிள்ளையை, பத்து வருடம் கழித்துச் சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பு 'இவர் வாரிசே இல்லை' என்று சொல்லும்போது பதில் சொல்வது கடினம். பத்திரம் பதிவானது என்பதே அது செல்லும் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

வேறு மூன்று தடைகளையும் முதலிலேயே பாருங்கள். குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே பெண் குழந்தை இருந்தால் இந்தச் சட்டத்தில் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, ஆணுக்கும் அப்படியே. பெண் குழந்தையை ஆண் தத்தெடுத்தால் இருவருக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும், பையனைப் பெண் தத்தெடுத்தாலும் அதேதான். நம் சித்தி வீட்டில் ஒரு பையன் மட்டும், சித்தப்பாவுக்கு 38 வயது. தடை இல்லை.

தாய்மாமன் தத்தெடுக்க நினைத்தால் இன்னொன்று. தங்கை மகள் மாமன் மகனுக்கு முறைப்பெண். தத்து ஆன நாளில் அவர்கள் அண்ணன் தங்கை. பின்னால் இரண்டு வீட்டாரும் மனம் வைத்தாலும் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. எங்கள் பக்கத்தில் சொந்தத்தில் கட்டுவது இன்னும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

## கார்டியனாக இருந்தால்

இது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் மைனர்கள் சட்டம். வக்கீல் வட்டாரத்தில் இந்த மனுவை 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்போம். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில் போட வேண்டும். குழந்தையை வளர்க்கும் பொறுப்பு மட்டும் கேட்டால் குடும்ப நல நீதிமன்றம், சொத்து நிர்வாகமும் சேர்த்துக் கேட்டால் மாவட்ட நீதிமன்றம்.

காலம். 18 வயது வரை. பிறந்தநாளன்று உத்தரவு தானாக முடிந்துவிடும். கார்டியன் இறந்தால் இன்னொருவர் புதிதாக மனுப் போட வேண்டும்.

சொத்து. குழந்தை எந்த வீட்டுப் பேத்தியாக இருந்ததோ அந்த வீட்டுப் பேத்தியாகவே இருக்கும். வாழப்பாடி நிலத்தின் ஒரு ஏக்கரும், அம்மாவழிப் பங்கும் அப்படியே நிற்கும். ஆனால் சித்திக்கு அந்தக் குழந்தை வாரிசு அல்ல. நாளைக்குச் சித்தி காலமானால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் குழந்தையின் பெயர் வராது. கொடுக்க விரும்பினால் பெயர் குறிப்பிட்டு உயில் எழுத வேண்டும்.

பெரியவருக்கு. உத்தரவு கையில் இருக்கும்வரை, குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை, படிப்பு, மருத்துவம் பற்றி முடிவெடுக்கும் உரிமை. யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் திரும்பக் கேட்கும் உரிமை. நீதிமன்றம் சரி என்று நினைத்தால் சிரமத்துக்கு ஒரு தொகையும் அனுமதிக்கலாம். அவ்வளவுதான். வயதான பின் அந்தப் பெண்ணிடம் 'நான் உன் தாய்' என்று பராமரிப்புக் கேட்க முடியாது. வளர்த்த நன்றிக்கு அவள் பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அது சட்டத்தின் கணக்கில் வராது.

திரும்பும் வழி. உண்டு. கார்டியன் தன்னை விடுவிக்கும்படி கேட்கலாம். தவறு செய்தால் நீதிமன்றமே நீக்கலாம்.

அலைச்சல். மனுவுக்கு இறப்புச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குழந்தையின் சொத்து விவரம் வேண்டும். கார்டியனாக இருக்கச் சம்மதம் என்று இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்க்க வேண்டும். நெருங்கிய உறவினருக்கு நோட்டீஸ் போகும். யாரும் எதிர்க்காவிட்டால் சில மாதங்கள், எதிர்த்தால் எத்தனை வாய்தா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கிடையில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று இடைக்கால உத்தரவு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குழந்தை யோசித்துச் சொல்லும் வயதில் இருந்தால் நீதிபதி அதனிடமும் கேட்பார்.

உத்தரவு வந்த பிறகுள்ள சுமை பலருக்குத் தெரிவதில்லை. சொத்துக்கும் கார்டியனாக ஆனால் பிணைப் பத்திரம் கொடுக்கச் சொல்லலாம், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தாக்கல் செய்யச் சொல்லலாம், வரவுசெலவுக் கணக்குக் கேட்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முன் அனுமதி வேண்டும். குழந்தையை அந்த நீதிமன்றத்தின் எல்லையைத் தாண்டி வேறு ஊருக்குக் குடிபெயர்த்துக் கூட்டிப் போகவும் அனுமதி வேண்டும். சேலத்திலிருந்து திருப்பூருக்குத் தொழில் மாற்றிக்கொண்டு போன ஒரு குடும்பத்துக்கு இது உத்தரவு வாங்கி மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் நான் பெரும்பாலும் குழந்தைக்கு மட்டும் கார்டியன் உத்தரவு கேட்கச் சொல்வேன். இழப்பீட்டுப் பணம் வங்கியில் பத்திரமாகத் தூங்கட்டும். சொத்தைத் தொடாதவருக்குக் கணக்குக் கொடுக்கும் வேலையும் இல்லை, 'பணத்துக்காகத்தான் வளர்க்கிறாள்' என்ற பேச்சும் இல்லை.

அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நிரூபிக்கப்படாவிட்டால், வேறொருவரைக் குழந்தைக்குக் கார்டியனாக நீதிமன்றம் நியமிக்காது. மனைவி இறந்த பின் மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டார் என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. பேத்தியை வளர்க்கும் பல பாட்டிகள் இந்த இடத்தில் மனமுடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

## ஆட்சியர் வழித் தத்து: மலைக்கு இதுதான் வழி

சேர்வராயன் மலையில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வசிக்கும் மலையாளி இன மக்கள் பட்டியல் பழங்குடியினர். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவே சொல்கிறது. ஆகவே மலையில் ஒரு குடும்பம் அடிவாரத்துக்கு இறங்கி வந்து அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுத் தத்துப் பத்திரம் பதிந்தால், அது நிற்கும் தரையே இல்லை. தங்கள் இனத்தில் தத்து வழக்கம் உண்டு என்று சாட்சியம் வைத்து நிரூபிக்கலாம், ஆனால் அது வழக்கு நடத்தி நிரூபிக்க வேண்டியது. அவர்களின் வாரிசுரிமையும் வழக்கப்படி நடப்பதால், மேலே சொன்ன ஏக்கர் கணக்கை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள்.

ஏற்காட்டின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் நெடுங்காலம் கார்டியன் மனு ஒன்றுதான் வழியாக இருந்தது. இன்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் திறந்திருக்கிறது. முஸ்லிம்களும் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹஷ்மி வழக்கில் தெளிவாக்கியது. அது அப்போது நடைமுறையில் இருந்த பழைய இளைஞர் நீதிச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு, 2015 சட்டமும் அதே கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தில் உறவினர் தத்துக்குத் தனி வழி உண்டு. ஆனால் 'உறவினர்' யார் என்பது சிறிய பட்டியல்: அப்பா, அம்மா இருவரின் உடன்பிறந்தவர்கள், இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகள். கல்யாணமான அக்கா தன் தங்கையை வளர்க்கிறாள் என்றால் அவள் இந்தப் பட்டியலில் வரமாட்டாள், அவளுக்குக் கார்டியன் வழிதான். பெற்றோர் இறந்திருந்தால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதிக் கடிதம் வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் வேண்டும். CARINGS தளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பம் போகும். 2021 திருத்தத்தின்படி, 2022 செப்டம்பர் முதல் உத்தரவு போடுபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இதில் 15 வயது வரம்பு இல்லை, 18 வரை எடுக்கலாம். வீட்டில் ஏற்கெனவே பெண் இருக்கிறாள் என்ற தடையும் இல்லை. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். விளைவு அதேதான். உறவு ஆயுளுக்கும் நிற்கும், பழைய குடும்ப உறவு அறும், முன்பே வந்த சொத்து தங்கும், வரவிருந்த சொத்து போகும்.

## பக்கத்தில் பக்கம்

| | தத்து | கார்டியன் |
|---|---|---|
| எதுவரை | ஆயுள் முழுக்க | 18 வயது வரை |
| பிறந்த வீட்டுத் தாத்தா சொத்து (இனி வரவேண்டியது) | போகும் | நிற்கும் |
| வளர்த்தவர் சொத்து | வாரிசு | உயில் எழுதினால் மட்டும் |
| முதுமையில் பராமரிப்புக் கேட்க | பெற்றோர் என்ற உரிமை உண்டு | அந்த உரிமை இல்லை |
| ரத்து | முடியாது | விலகலாம், நீக்கலாம் |
| இனிஷியல், சான்றிதழில் அப்பா பெயர் | தத்தெடுத்தவர் | பெற்ற அப்பா |

## எப்போது எது

இரண்டு பக்கத்துத் தாத்தாக்களுக்கும் சொத்து இல்லை, அல்லது பாகம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, குழந்தை கைக்குழந்தை, வளர்ப்பவர்களுக்குப் பிள்ளை இல்லை என்றால் நேராகத் தத்துக்குப் போங்கள். தாமதிப்பதில் லாபமே இல்லை. குழந்தைக்கு 16 ஆகிவிட்டது, இன்னும் இரண்டே வருடம், உடனடித் தேவை கல்லூரிக் கையெழுத்து என்றால் கார்டியன் போதும். வளர்ப்பவர் எழுபதைத் தாண்டிய பாட்டி என்றாலும் கார்டியன்தான். தத்து ஆனால் பேத்தி மகளாகி, அவளுக்கு இன்னொரு முறை அனாதையாகும் நாள் சீக்கிரம் வந்துவிடும்.

நடுவில் இருப்பவர்களுக்கு, அந்தச் சித்தியைப் போன்றவர்களுக்கு, இரண்டில் ஒன்று என்பதே தவறான கேள்வி. முதலில் கார்டியன், பிறகு தத்து என்று வரிசையாகச் செய்யலாம். அனாதைக் குழந்தைக்கு எப்படியும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தத்து இல்லை. கையில் கார்டியன் உத்தரவு இருந்தால் அந்த அனுமதி மனு எளிதாகும். நடுவில் கிடைக்கும் காலத்தில் தாத்தாவிடம் பேசலாம்.

அப்படித்தான் செய்தோம். தாத்தாவை ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன். மஞ்சள் பையில் சிட்டா, பட்டா, 1987ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். பேத்தி தத்துப் போனால் அவள் பங்கு போய்விடும் என்று நான் விளக்கியபோது, அவர் கையை மேசைமேல் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ அப்பன் உழுத காடும்மா அது" என்றார்.

ஒரு ஏக்கரைப் பேத்தி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி, தன் ஆயுள் வரை விளைச்சலைத் தானே அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார். உரிமை அன்றைக்கே குழந்தைக்கு வந்துவிட்டதால் பின்னால் தத்து நடந்தாலும் அது போகாது. உயில் மட்டும் எழுதியிருந்தால் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மற்றவர்கள் வற்புறுத்தவும் இடம் உண்டு. பெரியப்பாவுக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் இது அவள் பங்குக்கு மேல் ஒரு சென்ட் கூட இல்லை என்று வரைபடம் போட்டுக் காட்டிய பின், கார்டியன் மனுவில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தால் பல வாய்தாக்கள் மிச்சம்.

கார்டியன் உத்தரவு இப்போது சித்தி கையில் இருக்கிறது. பள்ளியிலும் வங்கியிலும் அதன் நகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தத்து மனுவை எப்போது போடுவது என்று கேட்டார்கள். குழந்தை அலுவலகத்தில்தான் இருந்தது. "என் இனிஷியல் மாறுமா?" என்று என்னிடம் கேட்டது. மாறும், சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் சித்தப்பா பெயர் வரும் என்று உள்ளதைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தின் அட்டையைத் திருப்பி, அதில் எழுதியிருந்த தன் பெயரையும் முன்னால் இருந்த எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு 15 வயது முடிய இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் இருக்கிறது. 12 வயதாகும்போது அவளிடமே மறுபடி கேட்பது என்று சித்தியும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். என் நாட்குறிப்பில் அந்த வருடத்தையும், அவளுக்கு 15 முடியும் தேதியையும் குறித்துவைத்திருக்கிறேன்.